அலைடு என்னன்னு கேட்டீங்களா?

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடை ஒன்றுக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதிரி எடுக்கிறார், அதை நான்கு பங்காகப் பிரித்து முத்திரை வைக்கிறார், ஒரு பங்கு உணவுப் பகுப்பாய்வாளருக்குப் போகிறது. கொழுப்பு எவ்வளவு, பால் கொழுப்பு தவிர வேறு எண்ணெய் கலந்திருக்கிறதா, மாவு சேர்த்திருக்கிறார்களா என்று அங்கே பார்ப்பார்கள். எல்லாமே வேதியியல் கேள்விகள். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்த பெண்ணுக்கு இந்த அலுவலர் வேலை பொருத்தம் என்று யாருக்கும் தோன்றும்.

விதி அப்படிச் சொல்லவில்லை. 2011-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகளில் இந்தப் பதவிக்கான கல்வித் தகுதி ஒரு பட்டியலாக இருக்கிறது. உணவுத் தொழில்நுட்பம், பால்வளத் தொழில்நுட்பம், உயிரித் தொழில்நுட்பம், எண்ணெய்த் தொழில்நுட்பம், வேளாண்மை, கால்நடை அறிவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் ஆகியவற்றில் ஒரு பட்டம் போதும். மருத்துவப் பட்டமும் செல்லும். வேதியியல் என்றால் மட்டும் முதுகலைப் பட்டம் வேண்டும். அதாவது பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி படித்தவர் மூன்றாண்டு முடிந்ததும் விண்ணப்பிக்கலாம், பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவர் இன்னும் இரண்டாண்டு எம்.எஸ்சி. படித்துவிட்டு வர வேண்டும்.

இதே இரண்டு பெண்களும் பள்ளிக்கூட ஆசிரியர் வேலைக்குப் போனால் நிலைமை தலைகீழ். வேதியியல் பள்ளிப் பாடம். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியும் பி.எட்.டும் இருந்தால் அவர் எந்தப் பாடத்து ஆசிரியர் என்று யாரும் கேட்கப் போவதில்லை. மைக்ரோபயாலஜி பள்ளியில் தனிப் பாடமாக இல்லை. அந்தப் பட்டம் எந்தப் பள்ளிப் பாடத்துக்கு இணை என்ற கேள்வி எழுகிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியது கல்லூரி இல்லை, அரசாணை.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் நம்மூரில் நடக்கும் பேச்சில் இந்த விஷயம் வருவதே இல்லை. “பாப்பா என்ன ஆகப் போகுது?” என்றுதான் மாமாவும் சித்தப்பாவும் கேட்பார்கள். பதினேழு வயதில் பாதிப் பேருக்கு அது தெரியாது. தெரியாமல் இருப்பதில் தப்பும் இல்லை. ஆனால் தெரியாதவர்தான் மேஜரையும் அதனோடு வரும் அலைடு பாடங்களையும் மற்றவர்களைவிடக் கவனமாகப் பார்த்துச் சேர வேண்டும். டாக்டர்தான் ஆவேன் என்று முடிவு செய்தவருக்கு வழி ஒன்றுதான். முடிவு செய்யாதவர், எந்தச் சேர்க்கை பிற்பாடு எத்தனை வேலைக்கும் எத்தனை மேற்படிப்புக்கும் தகுதியாக நிற்கும் என்று கணக்குப் பார்த்தாக வேண்டும்.

நம் கல்லூரிகளில் இந்தச் சேர்க்கை எப்படி அமைகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஆந்திரா, தெலங்கானா, கர்நாடகா பக்கம் மூன்று பாடங்களைச் சமமாகச் சேர்த்துப் படிக்கும் பி.எஸ்சி. நீண்ட காலம் வழக்கத்தில் இருந்தது. இயற்பியல், வேதியியல், கணிதம் ஒரு சேர்க்கை. தாவரவியல், விலங்கியல், வேதியியல் இன்னொன்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக அறிவியல் பீடத்திலும் பல பாடங்களோடு உள்ளே போய், பிறகு ஒன்றில் சிறப்புப் பட்டம் நோக்கி ஒதுங்கும் வழி உண்டு. இன்ன வேலை என்று தீர்மானிக்காதவருக்கு இந்த ஏற்பாட்டில் ஓராண்டாவது மூச்சுவிட இடம் கிடைக்கிறது. தமிழ்நாட்டில் அந்த இடம் கிடையாது. விண்ணப்பத்தில் நாம் எழுதுவது ஒரே மேஜர். பகுதி ஒன்றில் தமிழ், இரண்டில் ஆங்கிலம், மூன்றில் மேஜரும் அலைடும், நான்கில் சின்னச் சின்னத் தாள்கள், ஐந்தில் என்.எஸ்.எஸ். போன்றவை. மொத்தம் ஆறு செமஸ்டர்.

இதில் யாரும் கண்டுகொள்ளாத இடம் அலைடுதான். பழைய ஆட்கள் ஆன்சிலரி என்பார்கள். இப்போதைய பாடத்திட்டத் தாளில் சில இடங்களில் அது எலெக்டிவ் என்ற தலைப்பின் கீழ் வருகிறது. பெரும்பாலும் முதல் இரண்டு ஆண்டுகளில் முடிந்துவிடும். “அலைடு பாஸ் பண்ணா போதும்ப்பா” என்று சீனியர்கள் சொல்வார்கள். தேர்ச்சியைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் மார்க் ஷீட்டில் ‘கணிதம்’ என்றோ ‘புள்ளியியல்’ என்றோ ‘விலங்கியல்’ என்றோ ஒரு வரி இருப்பதும் இல்லாததும், ஐந்தாறு ஆண்டு கழித்து ஒரு விண்ணப்பத்தின் தலையெழுத்தைத் தீர்மானிக்கும். அலைடைப் பெரும்பாலும் மாணவர் தேர்ந்தெடுப்பதும் இல்லை. துறை தீர்மானித்து வைத்திருக்கிறது. ஆகவே கல்லூரியையும் துறையையும் தேர்ந்தெடுக்கும்போதே அலைடையும் நம்மை அறியாமல் தேர்ந்தெடுத்துவிடுகிறோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் நின்று பார்த்தால் பஸ் தூரத்தில் கல்லூரிக்குப் பஞ்சமில்லை. ராஜபாளையத்தில் ராஜூக்கள் கல்லூரியும் ஏ.கே.டி. தர்மராஜா பெண்கள் கல்லூரியும் இருக்கின்றன. சிவகாசிப் பக்கம் போனால் 1963-ல் தொடங்கிய அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி. விருதுநகரில் 1947-ல் தொடங்கிய செந்திக்குமார நாடார் கல்லூரி. இந்தப் பகுதிக்கு மதுரை காமராசர் பல்கலைக்கழகம்தான் தாய்ப் பல்கலைக்கழகம். ஆனால் தன்னாட்சி பெற்ற கல்லூரி தன் பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்கிறது. தன்னாட்சி இல்லாத கல்லூரி பல்கலைக்கழகத் திட்டத்தைப் பின்பற்றுகிறது. அதனால் பஸ்ஸில் அரை மணி நேர வித்தியாசத்தில் இருக்கும் இரண்டு கல்லூரிகளில் ஒரே பி.எஸ்சி. கெமிஸ்ட்ரிக்கு வெவ்வேறு அலைடு இருக்கலாம். ஓரிடத்தில் கணிதமும் இயற்பியலும். இன்னோரிடத்தில் இயற்பியலும் விலங்கியலும். பட்டத்தின் பெயர் ஒன்றுதான்.

ஒரு மாணவியை வைத்து இதைப் பார்ப்போம். கற்பனை மாணவிதான், ஆனால் ஊரில் தெருவுக்கு ஒருவர் இருப்பார். அரசுப் பள்ளி. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் கொண்ட குரூப். கலை அறிவியல் கல்லூரிச் சேர்க்கைக்குப் பார்க்கும் நான்கு பாடங்களில் 400-க்கு 310. இன்ஜினீயரிங் போக விருப்பமில்லை, வீட்டில் வசதியும் இல்லை. பள்ளி ஆய்வகத்தில் டைட்ரேஷன் செய்தது அவளுக்குப் பிடித்திருந்தது. அம்மாவுக்கு அவள் டீச்சராக வேண்டும். மாமா ஐ.டி. என்கிறார். பக்கத்து வீட்டு அக்கா குரூப் டூவுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இதில் எதுவும் வேண்டாம் என்றும் இல்லை, இதுதான் வேண்டும் என்றும் இல்லை. அவள் முன் நான்கு இடங்கள் இருக்கின்றன: கணித அலைடோடு கெமிஸ்ட்ரி, விலங்கியல் அலைடோடு கெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, கம்ப்யூட்டர் சயின்ஸ்.

முதல் வேலை, இந்தப் பேச்சிலிருந்து எதைக் கழித்துவிடலாம் என்று பார்ப்பது. குரூப் ஒன், குரூப் டூ, யு.பி.எஸ்.சி. குடிமைப் பணி மூன்றுக்கும் அடிப்படைத் தகுதி ஏதேனும் ஒரு பட்டம். மூன்றாண்டு சட்டப் படிப்புக்கும் அப்படித்தான். மாவட்ட நீதிமன்றம் விருதுநகரில் இல்லை, ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இருக்கிறது என்பதால் கறுப்புக் கோட்டு இந்த ஊருக்குப் பழகிய காட்சி. அந்தக் கோட்டுக்குள் என்ன மேஜர் இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. எம்.பி.ஏ.வும் எந்தப் பட்டத்தோடும் போகலாம். சி.ஏ.வுக்குக்கூட வணிகவியல் பட்டதாரி 55 சதவீதமும் மற்றவர் 60 சதவீதமும் வைத்திருந்தால் ஃபவுண்டேஷன் தேர்வு இல்லாமல் நேரே இன்டர்மீடியட்டுக்குச் சேரலாம்.

ஆக, ‘குரூப் எக்ஸாமுக்கு ஹிஸ்டரி எடுத்தாத்தான் நல்லது’ என்று சொல்லி ஆய்வகம் பிடித்த பெண்ணை வரலாற்றுத் துறைக்கு அனுப்புவதில் பொருளில்லை. வரலாறு அவளுக்கே பிடித்திருந்தால் அது வேறு கதை. இந்த வழிகள் எல்லாமே அவள் எந்த மேஜர் எடுத்தாலும் திறந்துதான் இருக்கும். இங்கே பாடத்தைவிடச் சதவீதம்தான் கணக்கு. பொதுப் பிரிவினருக்குச் சட்டப் படிப்புக்கு 45, பி.எட்.டுக்கு 50, சி.ஏ.வுக்குச் சொன்னபடி 60. மற்ற பிரிவினருக்குச் சட்டத்திலும் பி.எட்.டிலும் தளர்வு உண்டு. மவுசு இருக்கிறதென்று ஒரு பாடத்தில் சேர்ந்து, மூன்று அரியரோடு 48 சதவீதத்தில் முடிப்பவர், ‘எந்தப் பட்டமும் போதும்’ என்ற வழிகளிலும் சிலவற்றில் விழுந்துவிடுகிறார்.

இப்போது மேஜரைக் கேட்கும் வழிகளுக்கு வருவோம். அம்மா சொல்லும் டீச்சர் வேலை முதலில். அரசுப் பள்ளி ஆசிரியர் பணிக்குப் பட்டத்தின் பெயரும் பள்ளிப் பாடமும் பொருந்த வேண்டும். கெமிஸ்ட்ரி பொருந்துகிறது. மைக்ரோபயாலஜி விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பி.எட். கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் வேலைக்கும் தகுதி வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் ஒன்றில்லை. சேர்க்கை விதி, ஒரு பட்டத்தை இன்ன பிரிவின் கீழ் பி.எட். படிக்க அனுமதிக்கலாம். வேலைக்கு எடுக்கும் வாரியமோ ‘இந்தப் பட்டம் இந்தப் பாடத்துக்கு இணையானது’ என்று உயர்கல்வித் துறை அரசாணை போட்டிருக்கிறதா என்று தேடும்.

இந்த இணைத்தன்மை விஷயம் மைக்ரோபயாலஜியோடு முடிவதில்லை. கடந்த இருபது இருபத்தைந்து ஆண்டுகளில் கல்லூரிகள் பட்டங்களுக்கு வைத்த புதுப் பெயர்களைப் பாருங்கள். அப்ளைடு என்று ஒன்று, இண்டஸ்ட்ரியல் என்று ஒன்று, வித் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன் என்று ஒன்று. உள்ளே பாடம் முக்கால்வாசி பழையதாகவே இருக்கும். ஆனால் விண்ணப்பத்தைச் சரிபார்ப்பவர் பாடத்திட்டத்தைப் படிக்க மாட்டார், சான்றிதழில் அச்சான பெயரைப் படிப்பார். அறிவிப்பில் இருக்கும் பெயரும் சான்றிதழில் இருக்கும் பெயரும் ஒன்றாக இல்லை என்றால் அரசாணை கேட்பார். டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்புகளில் இதை எழுதியே வைத்திருக்கிறார்கள்: இணைத்தகுதி கோருபவர் காட்டும் அரசாணை, அந்த அறிவிப்பு வெளியான நாளிலோ அதற்கு முன்போ பிறப்பிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். தேர்வு எழுதி, மார்க் வாங்கி, சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போன பிறகு பல்கலைக்கழகத்துக்கு ஓடி, மனுப் போட்டு, அரசாணை வாங்கினாலும் அது அடுத்த அறிவிப்புக்குத்தான் உதவும். படித்ததெல்லாம் சரியாகப் படித்து, பெயரில் மட்டும் தோற்றவர்கள் ஒவ்வொரு தேர்விலும் இருக்கிறார்கள். எனவே வேலை இன்னதென்று தெரியாதவருக்கு என் கருத்து: பெயர் பழையதாக இருக்கும் பட்டமே பாதுகாப்பு. இயற்பியல், வேதியியல், கணிதம், தாவரவியல், விலங்கியல், பொருளியல், வணிகவியல், வரலாறு, தமிழ், ஆங்கிலம். விளம்பரத் தட்டியில் இவை மங்கலாகத் தெரியும். அறிவிப்புத் தாளில் பளிச்சென்று தெரியும்.

இதை மைக்ரோபயாலஜிக்கு எதிரான பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உணவு, மருந்து, ஆய்வகம் ஆகிய பக்கம்தான் போவேன் என்று தெரிந்தவருக்கு அது நேர் வழி; பால்கோவாக் கடை உதாரணத்திலேயே பார்த்தோம். நம் மாணவிக்கு அந்தத் தெளிவு இல்லை என்பதுதான் விஷயம். மைக்ரோபயாலஜியில் சேர்ந்தால் அம்மாவின் வழி சிக்கலாகிறது. கெமிஸ்ட்ரியில் சேர்ந்தால் உணவுப் பாதுகாப்பு அலுவலர் வழி இரண்டாண்டு தள்ளிப் போகிறது, அடைபடுவதில்லை. எது அடைபடுகிறது, எது வெறுமனே தள்ளிப் போகிறது என்று பிரித்துப் பார்ப்பதுதான் இந்தக் கணக்கில் பாதி.

மாமாவின் ஐ.டி.க்கு வருவோம். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்ந்தால் அந்தப் பக்கம் சீக்கிரம் போகலாம் என்பது உண்மை. ஆனால் கெமிஸ்ட்ரியில் சேர்ந்தால் போகவே முடியாதா? மாநில எம்.சி.ஏ. சேர்க்கைக்குப் பிளஸ் டூவில் கணிதம் படித்திருப்பது போதும். அது அவளிடம் இருக்கிறது. கோடிங்கை வெளியே கற்றுக்கொள்ளலாம், விடுமுறையில் கற்றுக்கொள்ளலாம், வேலைக்குப் போன பிறகும் கற்றுக்கொள்ளலாம். டேலி, ஆங்கிலம், போட்டித் தேர்வுப் பாடம் எல்லாம் இந்த வகை. வேதியியல் ஆய்வகத்தை அப்படிக் கற்றுக்கொள்ள முடியாது. இருபத்தைந்து வயதில் ஒருவருக்குத் திடீரென்று ஆர்கானிக் அனாலிசிஸ் செய்ய ஆசை வந்தால் ராஜபாளையத்தில் எந்த சென்டரும் அதை மாலை நேர வகுப்பாக நடத்துவதில்லை. கெமிஸ்ட்ரியிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாறியவர்கள் ஏராளம். கம்ப்யூட்டர் சயின்ஸ் பட்டத்தோடு கெமிஸ்ட்ரிக்கு வந்தவரை எங்காவது பார்த்திருக்கிறீர்களா? இரண்டில் எது என்று தெரியாதபோது, பிறகு வெளியே கிடைக்காததைக் கல்லூரியில் எடுத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

இதே ஊரை ஒட்டிய இன்னோர் உதாரணமும் இருக்கிறது. மேற்கே மலைப் பக்கம் சாம்பல் நிற அணில் சரணாலயம், 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது. அதைப் பார்த்து வளரும் பிள்ளைகளில் யாருக்காவது இந்திய வனப் பணி ஆசை வரலாம். யு.பி.எஸ்.சி. அந்தத் தேர்வுக்குப் பட்டத்தில் கால்நடை அறிவியல், தாவரவியல், வேதியியல், ஜியாலஜி, கணிதம், இயற்பியல், புள்ளியியல், விலங்கியல் இவற்றில் ஒன்றாவது கேட்கிறது. வேளாண்மை, வனவியல், இன்ஜினீயரிங் பட்டங்களும் செல்லும். அந்தப் பட்டியலில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இல்லை. கெமிஸ்ட்ரி இருக்கிறது.

ஆக, நம் மாணவிக்கு மேஜர் கெமிஸ்ட்ரி என்று முடிவாகிவிட்டது. எந்தக் கல்லூரி? கணித அலைடா, விலங்கியல் அலைடா? கணிதம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை, அதையே எடு என்று பொதுவாகச் சொல்லிவிடுவார்கள். இந்த மாணவிக்கு அது அவ்வளவு நேரான பதில் இல்லை. அவளிடம் பிளஸ் டூ கணிதம் ஏற்கெனவே இருக்கிறது. எம்.சி.ஏ.வுக்கு அது போதும் என்று பார்த்தோம். ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. படிக்க ஜாம் தேர்வு எழுதினாலும், சில இடங்களில் கேட்கும் கணிதம் பிளஸ் டூ அளவில் இருந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். அலைடு கணிதம் அவளுக்குப் புதிதாகத் தருவது குறைவு. ஒன்றைச் சொல்லலாம்: திருச்சி என்.ஐ.டி. போன்ற இடங்களில் எம்.சி.ஏ. படிக்க எழுதும் நிம்செட் தேர்வு, கணிதமோ புள்ளியியலோ பட்டப்படிப்பிலேயே ஒரு பாடமாக இருக்க வேண்டும் என்கிறது. பிசிக்கல் கெமிஸ்ட்ரியும் கணிதம் தெரிந்தால் இலகுவாக இருக்கும்.

விலங்கியல் அலைடு எடுத்தால் வேறு பக்கம் திறக்கிறது. வேதியியல் பட்டதாரியை எம்.எஸ்சி. உயிர்வேதியியலுக்கு எடுக்கும் பல்கலைக்கழகங்கள் பல. அவற்றில் சில, பட்டத்தில் ஓர் உயிரியல் துணைப்பாடம் இருக்கிறதா என்று பார்க்கின்றன. உணவு, மருந்து, கிளினிக்கல் லேப் பக்கம் சாயலாம் என்ற எண்ணம் அவளுக்கு லேசாகவாவது இருந்தால் இந்த அலைடுதான் பயன். ஐ.டி. ஆசை கொஞ்சம் பலமாக இருந்தால் கணித அலைடு. பி.எட்.டுக்கு எதுவானாலும் சரி, மேஜர்தான் கணக்கு.

இப்போது அவளுடைய தோழியை எடுத்துக்கொள்ளுங்கள். அதே 310 மார்க், ஆனால் கணிதம் இல்லாத தாவரவியல்–விலங்கியல் குரூப். அதே இரண்டு கல்லூரிகள். அவளுக்கு விலங்கியல் அலைடு தருவது கொஞ்சம்தான். பிளஸ் டூவிலேயே அது இருக்கிறது. கணித அலைடு கிடைத்தால் பத்தாம் வகுப்புக்குப் பிறகு முதல்முறையாக அவள் சான்றிதழில் கணிதம் என்ற வரி வரும். ஆனால் பல கல்லூரிகள் கணித அலைடு உள்ள துறைக்குப் பிளஸ் டூவில் கணிதம் படித்தவரையே எடுக்கின்றன. எடுத்தாலும், டிஃபரன்ஷியேஷனைப் பார்க்காமலே வந்தவருக்கு முதல் செமஸ்டர் கஷ்டம். அலைடில் அரியர் விழுந்தாலும் டிகிரி தடைபடும். அதனால் அவள் துறையில் போய் இரண்டு கேள்விகளையும் நேராகக் கேட்க வேண்டும்: கணிதம் இல்லாத குரூப்பை எடுப்பீர்களா, போன ஆண்டு அப்படி வந்தவர்கள் அலைடு கணிதத்தில் எத்தனை பேர் தேறினார்கள்? ஒரே மார்க், ஒரே ஊர், ஒரே பட்டம். இரண்டு பெண்களுக்கும் நல்ல அலைடு வேறு வேறு. பிளஸ் டூவில் எது விடுபட்டதோ அதை அலைடு நிரப்புகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதைத் தவிர இதில் பெரிய சூத்திரம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கணித மேஜரில் இந்த அலைடு விவகாரம் இன்னும் கூர்மையாகத் தெரியும். வழக்கமாக அங்கே இயற்பியலும் புள்ளியியலும் அலைடாக வரும். புள்ளியியலுக்குப் பதில் வேறு பாடம் வைத்திருக்கும் துறைகளும் உண்டு. யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வு, பட்டப்படிப்பில் புள்ளியியல் ஒரு பாடமாக இருக்க வேண்டும் என்கிறது. மேஜராக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. அலைடு ஸ்டேட்டிஸ்டிக்ஸ் படித்த கணிதப் பட்டதாரி விண்ணப்பிக்கலாம். அதே கணித மார்க் வாங்கிய, ஸ்டேட்டிஸ்டிக்ஸ் இல்லாத பட்டதாரி முதுகலைக்குப் போய் வர வேண்டும். டேட்டா, இன்ஷூரன்ஸ், வங்கி ஆய்வு என்று போகிறவர்களுக்கும் அந்த அலைடு நாலு இடத்தில் உதவும். ‘பாஸ் பண்ணா போதும்’ என்ற பாடம்தான் அது.

கலைப் பிரிவிலும் வணிகவியலிலும் இந்தச் சிக்கல் குறைவு. அங்கே மேற்படிப்புகள் பல, முந்தைய பாடத்தை அவ்வளவு கறாராகக் கேட்பதில்லை. பி.காம்.முக்குப் பல வால்கள் முளைத்திருக்கின்றன. டீச்சர் வேலை மனதின் ஓரத்தில் இருந்தால் வால் இல்லாத பி.காம். அல்லது இணை அரசாணை உள்ள பி.காம். என்று பார்த்தால் போதும்.

இதையெல்லாம் சேருவதற்கு முன்பே சரிபார்க்க முடியுமா என்றால், முடியும். ஒரு மாலை நேரம் போதும். கல்லூரியில் பிராஸ்பெக்டஸை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். அதில் கட்டடப் படம்தான் அதிகம். துறைக்குப் போய், அந்த ஆண்டு சேருபவர்களுக்கான பாடத்திட்டத்தில் ‘ஸ்கீம்’ என்று ஒரு பக்கம் இருக்கும், அதைக் காட்டச் சொல்லுங்கள். செமஸ்டர் வாரியாக எந்தத் தாள், எத்தனை கிரெடிட், எது அலைடு என்று ஒரே அட்டவணையில் இருக்கும். பழைய ஆண்டு ஸ்கீம் வேண்டாம்; பாடத்திட்டம் மாறும்போது அலைடு மாறிவிடுவது வழக்கம். துறையில் இல்லை என்றால் கல்லூரி இணையதளத்தில் தேடலாம். அடுத்து, மனதில் இருக்கும் இரண்டு மூன்று வேலைகளின் கடைசி அறிவிப்பை எடுத்துக் கல்வித் தகுதிப் பத்தியை மட்டும் படியுங்கள். டி.என்.பி.எஸ்.சி. என்றால் tnpsc.gov.in, ஆசிரியர் தேர்வு என்றால் trb.tn.gov.in. வளர்ந்த பிள்ளைதான், ஆனால் இந்தப் பத்தி அரசாங்கத் தமிழிலும் அரசாங்க ஆங்கிலத்திலும் இருப்பதால் வீட்டில் ஒருவர் கூட உட்கார்ந்து படிப்பது நல்லது. ‘இன் த சப்ஜெக்ட்’ என்று இருக்கிறதா, ‘ஒன் ஆஃப் த சப்ஜெக்ட்ஸ்’ என்று இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டிய இடம். முன்னதற்கு மேஜர் வேண்டும். பின்னதற்கு அலைடு உதவக்கூடும். பட்டத்தின் பெயர் அறிவிப்பில் அப்படியே இல்லை என்றால் இணை அரசாணை எண்ணைத் துறைத் தலைவரிடம் கேளுங்கள். “அதெல்லாம் ஈக்வலன்ட்தான்மா, கவலைப்படாதீங்க” என்று வாய்ப் பேச்சாகப் பதில் வந்தால் கவலைப்படுங்கள். எண்ணும் தேதியும் உள்ள அரசாணைதான் சரிபார்ப்பு மேஜையில் செல்லும்.

எந்தக் கல்லூரிக்கு எந்த பஸ் என்ற கேள்வியையும் நான் சின்னதாக நினைக்கவில்லை. பெண் பிள்ளையைப் பக்கத்து ஊர்க் கல்லூரியில் சேர்த்துவிட்டு, மேஜர் என்ன கிடைத்தாலும் சரி என்று விடும் வீடுகள் இங்கே நிறைய. ராஜபாளையம் பன்னிரண்டு கிலோமீட்டர், சிவகாசி இருபது. வீட்டிலிருந்து தினமும் போய்வர முடியுமா என்பதில் படிப்பே முடிவாகிறது. ஆனால் கேள்வியை மாற்றிக் கேட்கலாம். எட்டுக் கிலோமீட்டர் கூடுதலாகப் போனால் சான்றிதழில் சேரும் அலைடு என்ன என்று தெரிந்த பிறகு, அந்த பஸ் தூரம் வேறு மாதிரித் தெரியக்கூடும். நம் மாணவிக்கு விலங்கியல் அலைடு தூரத்துக் கல்லூரியில் இருக்கிறது என்றால், ஆய்வகம் பிடித்த பெண் என்பதால், நான் அவளைத் தூரத்துக் கல்லூரிக்குத்தான் போகச் சொல்வேன். மாமாவுக்குப் பிடிக்காமல் போகலாம்.

சேர்ந்த பிறகுதான் இது தெரிய வந்தது என்றாலும் முதல் சில வாரங்கள் கையில் இருக்கின்றன. அட்மிஷன் முடியும் நேரத்தில் பல துறைகளில் இடம் காலியாகும். இன்ஜினீயரிங்கும் நர்சிங்கும் போனவர்கள் விட்டுப்போன இடங்கள் அவை. அதே கல்லூரிக்குள் துறை மாறுவதற்குப் பெற்றோர் கையெழுத்தோடு முதல்வருக்கு ஒரு கடிதம், இரண்டு துறைத் தலைவர்களின் ஒப்புதல், காலியிடம் ஆகிய மூன்றும் இருந்தால் பெரும்பாலும் நடக்கும். பல்கலைக்கழகத்துக்குச் சேர்க்கைப் பட்டியல் அனுப்பும் வரைதான் அந்த வாய்ப்பு. பதிவு எண் வந்த பிறகு கேட்டால் அடுத்த ஆண்டு வரச் சொல்வார்கள். வேறு கல்லூரிக்கு மாறுவது இன்னும் சிரமம். கட்டிய கட்டணத்தையும் டி.சி.யையும் வாங்குவதற்குள் அங்கே சேர்க்கை முடிந்துவிடும். எனவே வகுப்பு தொடங்கும் முதல் வாரமே அலைடு வகுப்பு எது என்று டைம் டேபிளில் பாருங்கள். ஸ்கீமில் பார்த்ததும் டைம் டேபிளில் இருப்பதும் ஒன்றாக இல்லை என்றால் அன்றைக்கே ஆபீஸ் ரூமுக்குப் போய்க் கேளுங்கள்.